பெரிய குழுவில் பதில் வரும்படி முதல் வணக்கம் சொல்வது

கேள்வி: "வானியல் ஆர்வலர்கள் ஏறத்தாழ 400 பேர் இருக்கும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று இணைப்பின் வழியே சேர்ந்தேன். 'வணக்கம்' என்று மட்டும் போட்டேன். ஒருவரும் பதில் சொல்லவில்லை. முதல் முறை சேரும்போது எப்படி வணக்கம் சொல்வது? சொல்லாமலேயே இருந்துவிட்டால் தவறா?"

சொல்லாமல் இருப்பது தவறில்லை. பெரிய குழுக்களில் பெரும்பாலானவர்கள் ஒரு சொல்லும் எழுதாமல் படித்துக்கொண்டு மட்டும் இருப்பவர்கள்தாம். அவர்களை யாரும் குறையாக நினைப்பதில்லை. ஆனால் பேசவும் கேட்கவும் விரும்பிச் சேர்ந்திருக்கிறீர்கள் என்றால் வணக்கம் சொல்வதே நல்லது. அதை ஒற்றைச் சொல்லாக விடாமல், நீங்கள் யார், குழு பேசும் பொருளோடு உங்களுக்கு என்ன தொடர்பு, மற்றவர்கள் எளிதில் பதில் சொல்லக்கூடிய ஒரு சிறு கேள்வி ஆகிய மூன்றும் அடங்கிய நான்கைந்து வரிகளாக, ஒரே செய்தியில் அனுப்புங்கள். நேற்று போட்ட வணக்கத்தை இப்போதைக்குத் தொடாதீர்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

பதில் வராததைக் குழுவினரின் அலட்சியமாக நான் பார்க்கவில்லை. ஒருவரிடம் நேராக வணக்கம் சொன்னால், திருப்பிச் சொல்லும் கடமை அந்த ஒருவர் மேல் விழுகிறது. 400 பேரிடம் பொதுவாகச் சொல்லும்போது அந்தக் கடமை எவர் மேலும் விழுவதில்லை. வேறு யாராவது சொல்லிக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நகர்ந்துவிடுகிறார்கள். இதில் இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் எழுதிய ஒரு சொல் 400 கைப்பேசிகளுக்குப் போகிறது. அதற்கு 50 பேர் "வருக" என்று எழுதினால் அந்த 50 செய்திகளும் மீண்டும் 400 கைப்பேசிகளுக்குப் போகின்றன. பழைய உறுப்பினர்கள் இந்தத் தொல்லையைப் பட்டு அறிந்தவர்கள் என்பதால், மரியாதைக்காக மட்டும் பதில் எழுதும் பழக்கத்தை விட்டிருப்பார்கள். சொல்வதற்கு ஏதாவது பொருள் இருந்தால்தான் அவர்கள் விரல் அசையும்.

அந்தப் பொருளைக் கொடுப்பதுதான் முதல் வணக்கத்தின் வேலை. 2007ஆம் ஆண்டில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் இணையக் குழுக்களின் செய்திகளை ஆராய்ந்து, எவ்வகைச் செய்திகளுக்குப் பதில் கிடைக்கிறது என்று பார்த்தார்கள். குழுவோடு தமக்குள்ள தொடர்பைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டவர்களுக்கும், வெளிப்படையாக ஒன்றைக் கேட்டவர்களுக்கும் பதில் கிடைக்கும் வாய்ப்பு கூடுகிறது என்பது அவர்கள் கண்டவற்றுள் ஒன்று. "சில காலமாக உங்கள் உரையாடல்களைப் படித்து வருகிறேன்" என்பது போன்ற ஒரு வரிகூட அந்தத் தொடர்பைக் காட்டிவிடுகிறது. குழுக்களை நிர்வகித்துப் பழகியவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. அறிமுகத்தில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி இருந்தால் யாராவது பிடிப்பார்கள்.

இனி உங்கள் குழுவுக்கு வருவோம். நீங்கள் சேர்ந்தபோது அங்கிருந்தவர்கள் எதைப் பார்த்தார்கள் என்பதை முதலில் எண்ணிப் பாருங்கள். வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் இணைப்பின் வழியே சேர்ந்தால், அவ்வாறு சேர்ந்தார் என்று உரையாடலின் நடுவே ஒரு சிறு வரி வந்து போகும். உங்கள் எண்ணைச் சேமித்து வைத்திராதவர்களுக்கு நீங்கள் ஓர் எண்ணாகவும், அருகில் நீங்களே வைத்துக்கொண்ட பெயராகவும் மட்டும் தெரிவீர்கள். அந்தப் பெயர் ஒரு புள்ளியாகவோ பூவின் படமாகவோ இருந்தால், வணக்கம் சொன்னது மனிதரா, விளம்பரக் கணக்கா என்றே அவர்களால் சொல்ல முடியாது. எனவே வணக்கத்துக்கு முன் செய்ய வேண்டிய முதல் வேலை, குழுவில் எந்தப் பெயரால் அழைக்கப்பட விரும்புகிறீர்களோ அந்தப் பெயரைக் கணக்கில் வைப்பது. முழுப் பெயர் தேவையில்லை. கூப்பிடத்தக்க ஒரு பெயர் போதும். டெலிகிராம், டிஸ்கார்ட் போன்றவற்றில் எண் பொதுவாக மற்றவர்களுக்குத் தெரிவதில்லை என்பதால் அங்கே பெயரும் படமுமே உங்கள் முகம்.

அடுத்தது, எழுதும் முன் படிப்பது. இந்த அறிவுரை மிகப் பழையது. 1995 அக்டோபரில் வெளியான இணைய நடத்தை வழிகாட்டியான ஆர்எஃப்சி 1855, மின்னஞ்சல் குழுக்களிலும் செய்திக் குழுக்களிலும் எதையும் எழுதும் முன் ஒன்று அல்லது இரண்டு மாதங்கள் படியுங்கள் என்று சொன்னது. அன்றைய குழுக்களின் வேகத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். இன்றைய அரட்டைக் குழுவுக்கு இரண்டு மூன்று நாட்கள் போதும் என்பது என் கருத்து. அதற்கு மேல் காத்திருந்தால் கூச்சம் கூடிப் பேசாமலே போய்விடுவீர்கள் என்பதும் உண்டு.

ஆனால் எதைப் படிப்பது என்பது செயலிக்குச் செயலி மாறும். வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் சேரும் முன் நடந்த உரையாடல் பொதுவாக உங்களுக்குத் தெரியாது. வெற்றுத் திரையோடுதான் தொடங்குவீர்கள். டெலிகிராமில் பழைய செய்திகளைப் புதியவர்களுக்குக் காட்டுவதா மறைப்பதா என்பதை நிர்வாகி முடிவு செய்யலாம். டிஸ்கார்டில் உங்களுக்கு அனுமதி உள்ள அறைகளின் பழைய செய்திகளைப் பெரும்பாலும் மேலே தள்ளிப் படிக்கலாம். பழையது தெரியும் இடத்தில் ஒரு எளிய வழி இருக்கிறது: தேடல் பெட்டியில் "புதிதாக" என்றோ "அறிமுகம்" என்றோ இட்டுப் பாருங்கள். உங்களுக்கு முன் வந்தவர்கள் எப்படித் தொடங்கினார்கள், அவர்களுள் எவருக்குப் பதில் கிடைத்தது, எவர் காற்றோடு போனார் என்பது சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எந்தப் பொது விதியைவிடவும் அது நம்பத்தக்கது, ஏனென்றால் அது அந்தக் குழுவின் சொந்த வழக்கம். பழையது தெரியாத உங்கள் குழுவில், குழு விவரத்தையும் மேலே பொருத்தி வைத்த செய்திகளையும் படித்துவிட்டு, அடுத்து வரும் புதியவரை மற்றவர்கள் எப்படி எதிர்கொள்கிறார்கள் என்று கவனியுங்கள்.

விவரத்தில் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வணக்கம் சொல்வதற்கென்று தனி இடம் இருக்கிறதா என்பது. பல சமூகங்களில் அறிமுகத்துக்கென்றே ஒரு அறை அல்லது இழை இருக்கும். அங்கே எழுதினால் பொது அறையில் நடக்கும் பேச்சு கலையாது, வரவேற்கும் மனமுள்ளவர்களே அங்கே வந்து படிப்பார்கள். சில குழுக்களில் அறிமுகத்துக்கு ஒரு படிவம் போன்ற அமைப்பு இருக்கும்: பெயர், எவ்வளவு காலமாக ஆர்வம், எந்தக் கருவி என்று வரிசை கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் அதையே நிரப்புங்கள். உங்கள் சொந்த நடையைக் காட்ட அது இடமில்லை. அறிவிப்புக்கு மட்டுமான குழுக்களில் நிர்வாகிகள் தவிர எவரும் எழுத முடியாதபடி பூட்டியிருப்பார்கள். அங்கே வணக்கமே தேவையில்லை.

இப்போது செய்திக்கு வருவோம். நீங்கள் இரண்டாம் முறை எழுதினால் கீழ்க்கண்டவாறு எழுதக்கூடும் என்று ஒரு மாதிரியை எடுத்துக்கொள்கிறேன், ஏனெனில் ஒற்றைச் சொல்லுக்குப் பதில் வராதவர்கள் பலர் அடுத்த முறை இந்தப் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள்:

"மதிப்பிற்குரிய நிர்வாகிகள் மற்றும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கங்கள். என் பெயர் மலர், வயது 34, ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்காளராகப் பணிபுரிகிறேன். எனக்கு வானியலில் சிறு வயது முதலே மிகுந்த ஆர்வம். எனக்கு ஒன்றும் தெரியாது, தவறு இருந்தால் மன்னிக்கவும். நீங்கள் அனைவரும் எனக்கு வானியலைக் கற்றுத்தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். என் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள். நன்றி."

பண்பான செய்திதான்; ஆனாலும் இதற்கு அதிகம் போனால் நான்கு கூப்பிய கைகள் பதிலாக வரும். படிப்பவரின் இடத்தில் இருந்து பாருங்கள். வயதும் வேலையும் குழு பேசும் பொருளோடு சேரவில்லை; அவற்றைக் கொண்டு எவரும் பேச்சைத் தொடர முடியாது. சிறு வயது முதல் ஆர்வம் என்பது அங்குள்ள 400 பேருக்கும் பொது, ஆகவே அது உங்களைப் பற்றி எதையும் சொல்லவில்லை. "கற்றுத்தர வேண்டும்" என்பது கேள்வி போல் தெரிந்தாலும் பதில் சொல்ல முடியாத கேள்வி. எங்கே தொடங்குவது, எவர் தொடங்குவது? முன்கூட்டியே கேட்கும் மன்னிப்பு, படிப்பவரை உங்களைத் தேற்ற வேண்டிய நிலையில் வைக்கிறது. அறிமுகமே இல்லாதவர்கள் அதற்கு முன்வருவது அரிது. எண்ணைச் சேமிக்கச் சொல்வது பெரிய குழுக்களில் வணிகர்கள் செய்வது என்பதால் ஐயத்தைக் கிளப்பும்.

அதே மனிதர், அதே குழு, இப்படி எழுதினால்:

"அனைவருக்கும் வணக்கம். நான் மலர். இந்தக் குழுவில் இருக்கும் நண்பர் ஒருவர் இணைப்பு அனுப்பினார். மூன்று நாட்களாக உங்கள் உரையாடல்களைப் படிக்கிறேன். சென்ற மாதம் 6 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கி ஒன்று வாங்கினேன். நிலவு அருமையாகத் தெரிகிறது. ஆனால் வியாழனைப் பார்த்தால் பட்டைகள் கலங்கலாகவே தெரிகின்றன. வீட்டுக்குள்ளிருந்து எடுத்து வந்தவுடனே பார்ப்பது காரணமாக இருக்குமா, கண்ணாடிகளின் சீரமைப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டுமா?"

முந்தையதைவிட இது சற்று நீளம்தான். ஆனால் ஒவ்வொரு வரியும் ஒரு வேலை செய்கிறது. நண்பர் அனுப்பினார் என்பது நீங்கள் எங்கிருந்தோ வந்து விழுந்தவர் அல்லர் என்று காட்டுகிறது. அந்த நண்பரின் பெயரைக் குறிப்பிட்டால் இன்னும் வலுவாக இருக்கும், ஆனால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள். மூன்று நாட்களாகப் படிக்கிறேன் என்பது குழுவின் நேரத்தை மதிப்பவர் என்று சொல்லாமல் சொல்கிறது. உண்மையில் படித்திருந்தால் மட்டும் எழுதுங்கள். 6 அங்குல டாப்சோனியன் என்ற ஒரு குறிப்பு, வயதும் வேலையும் சொல்லாததைச் சொல்லிவிடுகிறது: நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள், எந்த மொழியில் உங்களோடு பேசலாம், குழுவில் எவரிடம் அதே கருவி இருக்கிறது என்பதெல்லாம் அதில் அடங்கிவிட்டன. தொலைநோக்கி எதுவும் வாங்கியிராதவர், வெறுங்கண்ணால் எந்த விண்மீன் கூட்டத்தை அடையாளம் காணத் தெரியும் என்று எழுதினாலும் அதே பயன் கிடைக்கும்.

கடைசிக் கேள்விதான் செய்தியின் உயிர். அது எப்படி அமைந்திருக்கிறது என்று கவனியுங்கள். இரண்டு காரணங்களை நீங்களே முன்வைத்து, எது முதலில் என்று கேட்கிறீர்கள். தொலைநோக்கி வைத்திருக்கும் எவரும் அரை நிமிடத்தில் பதில் சொல்லலாம்: சூடான அறையிலிருந்து குளிர்ந்த வெளிக்கு எடுத்து வந்த கண்ணாடி காற்றின் வெப்பத்துக்கு இறங்கும்வரை குழாய்க்குள் காற்று அலையும், அந்த அளவுக் கண்ணாடிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்கள், அப்போதும் கலங்கினால் சீரமைப்பைப் பாருங்கள் என்று ஒருவர் எழுதுவார். வியாழன் அடிவானத்துக்கு அருகில் இருந்தபோது பார்த்தீர்களா என்று இன்னொருவர் கேட்பார். முதலாமவரோடு மூன்றாமவர் மாறுபடுவார். நீங்கள் வந்து சேர்ந்தது அவர்களுக்கே ஒரு சுவையான பேச்சாக மாறிவிடும். வரவேற்பு என்று தனியாக எவரும் எழுதாவிட்டாலும் நீங்கள் உள்ளே வந்துவிட்டீர்கள்.

முதல் கேள்வி சிறியதாக இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறேன். "எந்தத் தொலைநோக்கி வாங்கலாம்?" என்பது சிறியது போல் தோன்றினாலும், செலவு, இடம், நோக்கம் என்று பத்து எதிர்க்கேள்விகளைக் கேட்டால்தான் பதில் சொல்ல முடியும், அதோடு அந்தக் கேள்வி எல்லா வானியல் குழுக்களிலும் வாரந்தோறும் வருவது, விவரத்திலேயே அதற்குப் பதில் பொருத்தி வைத்திருப்பார்கள். ஏற்கெனவே பதில் உள்ள கேள்வியோடு நுழைவது, விவரத்தைப் படிக்கவில்லை என்று அறிவிப்பதற்குச் சமம்.

மலரின் செய்தியில் இல்லாதவற்றையும் சொல்ல வேண்டும். வீடு இருக்கும் இடம், வேலை செய்யும் நிறுவனம், பிறந்த நாள், எண் ஆகியவை அதில் இல்லை. முகம் அறியாத 400 பேர் படிக்கும் இடத்தில் அவை வேண்டாம். வானத்தின் இருளைப் பற்றிப் பேச ஊர் தேவை என்றால் "பெருநகரத்தின் ஓரம்" என்று சொன்னாலே போதும். இணைப்பு, படம், முன்னனுப்பிய செய்தி ஆகியவையும் முதல் செய்தியில் வேண்டாம். உங்கள் நிலவுப் படம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இரண்டாம் செய்திக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கிலிருந்து வரும் முதல் செய்தியில் இணைப்பு இருந்தால் அதை நீக்கும்படி தானியங்கிக் காவலர்களைப் பல குழுக்களில் அமைத்திருக்கிறார்கள். டிஸ்கோர்ஸ் மென்பொருளில் இயங்கும் சமூகங்கள் புதியவர் ஒரு செய்தியில் எத்தனை இணைப்புகள், படங்கள் இடலாம் என்பதற்கே வரம்பு வைக்கின்றன. டிஸ்கார்டில் நிர்வாகி சரிபார்ப்பு நிலையை உயர்த்தி வைத்திருந்தால், சேர்ந்து 10 நிமிடம் ஆகும்வரை உங்களால் எழுதவே முடியாது. அதைப் பிழை என்று எண்ணி வெளியேறி மீண்டும் சேராதீர்கள்; கடிகாரம் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

ஒற்றைச் சொல் வணக்கத்தின் இன்னொரு தீங்கும் இங்கேதான் இருக்கிறது. விளம்பரம் பரப்ப நுழையும் கணக்குகள் செய்வதும் அதுதான்: சேர்ந்தவுடன் பொருளற்ற ஒரு வணக்கம், சில நாள் மௌனம், பின் ஒரு முதலீட்டு இணைப்பு. இதை அடிக்கடி கண்ட நிர்வாகிகள் படமும் பெயரும் இல்லாத கணக்கிலிருந்து வரும் தனி வணக்கத்தை ஒரு கண் வைத்தே பார்ப்பார்கள். குழுவின் பொருளைச் சார்ந்த ஒரே ஒரு நுணுக்கமான குறிப்பு இருந்தால் அந்த ஐயம் அங்கேயே தீரும்.

விளிக்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. "அனைவருக்கும் வணக்கம்" எங்கும் பொருந்தும். "வணக்கம் சார்" என்று தொடங்கினால் படிப்பவர்கள் அனைவரும் ஆண்கள் என்று நீங்களே தீர்மானித்ததாகிவிடும். "ஹாய் மக்களே" என்பது சில குழுக்களுக்குப் பொருந்தும், சிலவற்றில் உறுத்தும். மூன்று நாள் படித்திருந்தால் எது எது என்று தெரியும்.

நேரம் சற்றுக் கவனிக்க வேண்டியது. குழுவில் எவரோ ஒருவர் தம் சிக்கலை விளக்கிக்கொண்டிருக்கும்போதோ, இரங்கல் செய்தி ஒன்றின் கீழ் எல்லாரும் ஆறுதல் எழுதிக்கொண்டிருக்கும்போதோ உங்கள் அறிமுகம் நடுவே விழுந்தால், அது எவ்வளவு நன்றாக இருந்தாலும் இடைஞ்சல்தான். வானியல் குழுவில் கிரகண இரவு அப்படிப்பட்டது. வினாடிக்கு வினாடி படங்கள் வரும், உங்கள் செய்தி ஒரு நிமிடத்தில் திரைக்கு மேலே போய் மறைந்துவிடும். பேச்சு ஓய்ந்து ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆன பொழுது, மக்கள் விழித்திருக்கும் நேரமாகப் பார்த்து எழுதுங்கள். எல்லாரையும் தட்டி எழுப்பும் குறிகளான `@everyone`, `@channel` போன்றவற்றை அறிமுகத்தில் ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். ஒலியை அடக்கி வைத்தவர்களையும் அவை எட்டக்கூடும், முதல் நாளிலேயே அவர்களது எரிச்சலைச் சம்பாதிப்பீர்கள். துண்டு துண்டாக அனுப்புவதும் இதே இனம்தான். "வணக்கம்", "நான் மலர்", "ஒரு சந்தேகம்" என்று மூன்று செய்திகளாக அனுப்பினால் மூன்று முறை 400 கைப்பேசிகள் ஒலிக்கின்றன, நான்காவது வரும்வரை கேள்வி என்ன என்றும் தெரியாது.

நேற்றைய வணக்கத்துக்கு இப்போது வருகிறேன். அதை அழிக்கத் தோன்றும், அழிக்காதீர்கள். வாட்ஸ்அப்பில் எல்லாருக்குமாக அழித்தாலும், செய்தி நீக்கப்பட்டது என்ற குறி அதே இடத்தில் நிற்கும். வணக்கத்தைக் கண்டுகொள்ளாதவர்கள்கூட, என்ன எழுதி அழித்தார் என்று அதைக் கவனிப்பார்கள். திருத்தும் வசதி அனுப்பிய 15 நிமிடங்களுக்குள் மட்டும் என்பதால் அந்த வழியும் மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்து, முன்னர் எழுதியதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், முழு அறிமுகத்தைப் புதிதாக எழுதுங்கள். "முன்பே வணக்கம் சொன்னேன், யாரும் பதில் தரவில்லை" என்று தொடங்குவது குற்றச்சாட்டாகப் படும். அதற்கு வரும் பதில்கள் எல்லாம் சமாதானமாகவே இருக்கும்.

அதற்கும் பதில் வராவிட்டால் மூன்றாம் முறை அறிமுகம் செய்துகொள்ள வேண்டாம். உங்களுக்குப் பின் சேர்ந்தவர்களுக்கும் பதில் இல்லை என்றால், அது அறிமுகத்தைப் பொருட்படுத்தாத குழு என்று கொள்ளலாம். அத்தகைய குழுக்கள் நிறைய உண்டு, அவற்றுள் சில மிகப் பயனுள்ளவை. அங்கே நுழையும் வழி வேறு: எவராவது எழுதியதைத் தொட்டு, அந்தச் செய்திக்கே பதிலாக இணைத்து, ஒரு வரி எழுதுங்கள். நேற்று ஒருவர் இட்ட நிலவுப் படத்துக்கு, எந்தக் கண்ணருகு வில்லை பயன்படுத்தினீர்கள் என்று கேட்டால் அவர் கட்டாயம் பதில் சொல்வார், ஏனெனில் இப்போது கடமை ஒருவர் மேல் விழுந்திருக்கிறது.

பதில்கள் வந்துவிட்டால் அவற்றைக் கையாள்வதிலும் ஒரு முறை இருக்கிறது. "வருக வருக" என்று எழுதிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியே நன்றி எழுதினால், நீங்கள் தவிர்க்க நினைத்த வெள்ளத்தை நீங்களே உண்டாக்குவீர்கள். அவர்கள் செய்திகளுக்கு ஒரு குறி இட்டுவிட்டு, எல்லாருக்குமாக ஒரு நன்றி சொன்னால் போதும். உங்கள் கேள்விக்குப் பதில் தந்தவர்களுக்கும், உங்களிடம் எதிர்க்கேள்வி கேட்டவர்களுக்கும் மட்டும் தனியே எழுதுங்கள், அதையும் அன்றைக்கே எழுதுங்கள். அறிமுகத்தை இட்டுவிட்டு இரண்டு நாள் காணாமல் போகிறவரிடம் மறுமுறை யாரும் கேட்பதில்லை. பிறகு, கொடுத்த யோசனையைச் செய்து பார்த்து வந்து சொல்லுங்கள். "ஒரு மணி நேரம் வெளியே வைத்துப் பார்த்தேன், இரண்டு பட்டைகளும் பிரிந்து தெரிந்தன" என்ற ஒரு வரி, பதில் சொன்னவரை உங்கள் அடுத்த கேள்விக்கும் நிற்க வைக்கும், நூற்றுக்கணக்கானோர் உள்ள இடத்தில் உங்கள் பெயர் நினைவில் தங்குவதும் அப்போதுதான்.

இவ்வளவும் நூற்றுக்கணக்கானோர் உள்ள, பொழுதுபோக்கோ ஆர்வமோ சார்ந்த குழுக்களுக்குச் சொன்னவை. பத்துப் பதினைந்து பேர், எல்லாரும் ஒருவரையொருவர் அறிந்த குழுவாக இருந்தால் வெறும் வணக்கமே நிறைவு. அங்கே நீண்ட அறிமுகம் எழுதினால் சிரிப்பார்கள். ஒருவர் உங்களைச் சேர்த்துவிட்டு "இவர் இன்னார்" என்று எழுதியிருந்தால், அவர் செய்திக்குப் பதிலாக ஒரு வரி சேர்த்தால் போதும். மென்பொருள் உதவி போன்ற கேள்வி பதில் அறைகளில் நிலைமை நேர் எதிர்: அங்கே அறிமுகமே வேண்டியதில்லை, வணக்கத்தோடு ஒரே மூச்சில் முழுக் கேள்வியையும் எழுதிவிட வேண்டும். "ஒரு கேள்வி கேட்கலாமா?" என்று எழுதிவிட்டுக் காத்திருப்பதை அங்குள்ளவர்கள் வெகுகாலமாகவே குறை சொல்லி வருகிறார்கள், ஏனென்றால் அது பதில் சொல்பவரை இரண்டு முறை வரவழைக்கிறது.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. பெரிய குழுவில் அறிமுகம் எழுதியவுடன் உங்களுக்குத் தனிச்செய்திகள் வரக்கூடும். பெரும்பாலானவை நல்லெண்ணத்தோடு வருபவை. ஆனால் புதியவர்களையே குறிவைத்துக் காத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். நிர்வாகி என்று சொல்லிக்கொண்டு உறுப்பினர் கட்டணம் கேட்பது, கைப்பேசிக்கு வந்த ஆறு இலக்க எண்ணைச் சொல்லச் சொல்வது, மலிவு விலையில் கருவி தருகிறேன் என்று முன்பணம் கேட்பது ஆகியவை வழக்கமான தந்திரங்கள். ஆறு இலக்க எண் எதற்கு வந்தாலும் எவரிடமும் சொல்லாதீர்கள். அது உங்கள் கணக்கையே இன்னொரு கைப்பேசிக்கு மாற்றும் திறவுகோலாக இருக்கலாம். நிர்வாகி என்பவர் உண்மையில் நிர்வாகியா என்பதைக் குழு விவரத்தின் உறுப்பினர் பட்டியலில் பார்க்கலாம். நிர்வாகிகளின் பெயருக்கு எதிரே அந்தக் குறிப்பு இருக்கும். படத்தையும் பெயரையும் எவரும் நகல் எடுக்க முடியும் என்பதால், பட்டியலில் உள்ள நிர்வாகியைத் தொட்டு, அங்கிருந்து உங்களுக்குச் செய்தி அனுப்பியவரின் எண்தான் திறக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் அவருக்குப் பதில் எழுதாமல், உண்மையான நிர்வாகிக்கு அந்தச் செய்தியின் திரைப்பிடிப்பை அனுப்பிவிடுங்கள்.